வோகலின் தோராய முறை: இரு மலிவுச் செலவுகளின் வேறுபாடு ஓர் அளவுகோலான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

போக்குவரத்துக் கணக்கிற்குத் தொடக்கத் தீர்வு காணும் முறைகளுள் வோகலின் தோராய முறை பரவலாகக் கற்பிக்கப்படுவது. ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் உள்ள மிகக் குறைந்த இரு செலவுகளின் வேறுபாட்டைத் ‘தண்டம்’ எனக் கொண்டு, தண்டம் மிகுந்த இடத்திற்கு முதலில் ஒதுக்கீடு செய்வது இம்முறை. இந்த வேறுபாட்டுச் சிந்தனை 1930ஆம் ஆண்டின் சோவியத் இருப்புப்பாதைத் திட்டமிடலில் எவ்வடிவில் காணப்பட்டது, 1958இல் ரைன்ஃபெல்ட், வோகல் ஆகியோரின் நூலில் எவ்வடிவம் பெற்றது, கணினிக் காலத்தில் அதன் மதிப்பு ஏன் மாறியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. இம்முறை உகந்த தீர்விலிருந்து விலகுவதன் காரணம் ஓர் எடுத்துக்காட்டின் வழி விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: போக்குவரத்துக் கணக்கு, வோகல் முறை, தண்டம், தொடக்கத் தீர்வு, தொல்ஸ்தோய், சமநிலையற்ற கணக்கு.

முன்னுரை

பல வழங்கிடங்களிலுள்ள ஒரே வகைப் பொருளைப் பல சேரிடங்களுக்கு மிகக் குறைந்த மொத்தச் செலவில் அனுப்புவது எவ்வாறு என்பதே போக்குவரத்துக் கணக்கு. தமிழ்நாட்டில் மேனிலைப் பள்ளி வணிகக் கணிதம் முதல் முதுநிலைச் செயல்முறை ஆய்வியல் வரை இக்கணக்கிற்கு மூன்று தொடக்க முறைகள் வரிசையாகக் கற்பிக்கப்படுகின்றன. அவை வடமேற்கு மூலை விதி, மீச்சிறு செலவு முறை, வோகலின் தோராய முறை என்பன. இவ்வரிசை ஒரு தரவரிசையாகவே மாணவர் மனத்தில் பதிகிறது. முதலாவது செலவையே நோக்காதது, இரண்டாவது செலவை நோக்குவது, மூன்றாவது ஏறத்தாழ உகந்த தீர்வையே தருவது என்பது பொதுவான புரிதல்.

இப்புரிதல் முற்றிலும் தவறன்று. எனினும் மூன்றாம் முறை எதனால் சிறக்கிறது, எங்கே தவறுகிறது என்னும் வினாக்களுக்கு அதில் விடையில்லை. ‘இரு குறைந்த செலவுகளைக் கழிக்க’ என்னும் கட்டளை எதை அளக்கிறது என்பது தெளிவானால்தான் அவற்றிற்கு விடை கிட்டும். அத்தெளிவிற்கு இம்முறையின் வரலாறு துணைபுரிகிறது.

வேறுபாட்டுச் சிந்தனையின் முன்வடிவம்: தொல்ஸ்தோய், 1930

போக்குவரத்துக் கணக்கின் வரலாற்றை 1781இல் மண்ணை அகழ்ந்து நிரப்புவது பற்றி மோன்ழ் எழுதிய கட்டுரையிலிருந்து தொடங்குவது வழக்கம். அதன்பின் 1941இல் ஹிட்ச்காக் எழுதிய கட்டுரையும், இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கப்பல் போக்குவரத்தை ஒட்டிக் கூப்மன்ஸ் மேற்கொண்ட ஆய்வும் குறிக்கப்பெறும். இவ்விரண்டிற்கும் முன்னரே சோவியத் ஒன்றியத்தில் அ. நி. தொல்ஸ்தோய் என்பார் 1930இல் சரக்குப் போக்குவரத்தின் மொத்தக் கிலோமீட்டரைக் குறைக்கும் வழிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். 2002இல் அலெக்சாந்தர் ஸ்ரைவர் எழுதிய வரலாற்றுக் கட்டுரையின் வாயிலாக இது பரவலான கவனம் பெற்றது.

தொல்ஸ்தோய் முதலில் எடுத்துக்கொண்டது இரண்டே வழங்கிடங்கள் உள்ள நிலை. அப்போது ஒவ்வொரு சேரிடத்திற்கும் இரு வழங்கிடங்களிலிருந்து உள்ள தொலைவுகளின் வேறுபாட்டைக் கணித்து, அவ்வேறுபாட்டின்படி சேரிடங்களை வரிசைப்படுத்தினால் போதும் என்பதை அவர் கண்டார். பட்டியலின் ஒரு முனையிலிருந்து முதல் வழங்கிடம் தன் இருப்பு தீரும்வரை வழங்கும். எஞ்சியவற்றிற்கு இரண்டாவது வழங்கும். இதன் திட்பத்தைச் சிறு கணக்கொன்றால் காட்டலாம். அ என்னும் ஆலையில் 60 டன்னும் ஆ என்னும் ஆலையில் 50 டன்னும் உள்ளன. க, ச, த என்னும் சேரிடங்களின் தேவை முறையே 30, 40, 40 டன். ஒரு டன்னுக்கான செலவு வருமாறு:

| | க | ச | த | இருப்பு |
|---|---|---|---|---|
| அ | 4 | 7 | 9 | 60 |
| ஆ | 6 | 12 | 8 | 50 |
| தேவை | 30 | 40 | 40 | 110 |

ஆ–வின் செலவிலிருந்து அ–வின் செலவைக் கழித்தால் க–விற்கு 2, ச–விற்கு 5, த–விற்கு −1 கிடைக்கின்றன. ஆகவே வரிசை ச, க, த என்பதாகும். அ ஆலை ச–விற்கு 40, க–விற்கு 20 டன் அனுப்பித் தீர்ந்துவிடுகிறது. ஆ ஆலை க–விற்கு 10, த–விற்கு 40 டன் அனுப்புகிறது. மொத்தச் செலவு 280 + 80 + 60 + 320 = 740. இதே கணக்கை மீச்சிறு செலவு முறையில் செய்தால், அட்டவணையின் மிகச் சிறிய எண்ணான 4 இருக்கும் அ–க கட்டத்திற்கு முதலில் 30 டன் செல்லும். அ–வில் எஞ்சிய 30 டன் ச–விற்குச் செல்ல, த–வின் 40 டன்னையும் ச–வின் மீதி 10 டன்னையும் ஆ வழங்க நேரும். அப்போது செலவு 120 + 210 + 320 + 120 = 770.

இரு தீர்வுகளுக்கும் இடையிலுள்ள 30 அலகு எங்கிருந்து வந்தது? மலிவான கட்டம் என்பதற்காக க–வை அ–விற்குக் கொடுத்ததால், ச–வின் 10 டன் ஆ–வின்மீது விழுந்தது. க–வை ஆ–விற்கு மாற்றினால் டன்னுக்கு 2 மட்டுமே கூடும். ச–வை மாற்றினால் 5 கூடும். எனவே ஒவ்வொரு டன்னுக்கும் 3 அலகு இழப்பு நேர்ந்தது. ஒரு கட்டம் எவ்வளவு மலிவு என்பதைவிட அதை இழந்தால் எவ்வளவு கூடும் என்பதே ஒதுக்கீட்டைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இதனால் புலனாகிறது. இவ்விடமாற்ற வாதமே இரு வழங்கிடங்கள் உள்ள நிலையில் தொல்ஸ்தோயின் வரிசை உகந்த தீர்வைத் தருவதற்கான நிறுவலும் ஆகும். வேறுபாடு குறைந்த சேரிடத்திற்கு அ–வும் மிகுந்த சேரிடத்திற்கு ஆ–வும் வழங்கும் எத்திட்டத்திலும், ஒரு டன்னை மாற்றிக்கொண்டால் செலவு குறையும்.

இவ்வரிசை இருப்பையும் தேவையையும் சார்ந்ததன்று என்பதையும் தொல்ஸ்தோய் குறிப்பிட்டார். ஆலைகளின் உற்பத்தி ஆண்டுதோறும் மாறினாலும் பட்டியல் மாறாது. அதனை வெட்டும் இடம் மட்டுமே மாறும்.

வழங்கிடங்கள் பலவானபோது அவர் செய்தது இக்கட்டுரைக்கு மேலும் நெருக்கமானது. அவர் எடுத்துக்கொண்ட பெரிய கணக்கில் 10 வழங்கிடங்களும் 68 சேரிடங்களும் இருந்தன. ஒவ்வொரு வழங்கிடத்திற்கும், அது மிக அருகிலோ அதற்கடுத்த அருகிலோ அமையும் சேரிடங்களைப் பட்டியலிட்டு, மிக அருகிலுள்ள வழங்கிடத்திற்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு வேறுபாட்டைக் கொண்டு அவர் சரக்கை ஒதுக்கினார். பின்னர்ச் சுழற்சிகளைச் சோதித்துத் தீர்வைத் திருத்தினார். அவர் அடைந்த தீர்வு உகந்ததே என்பதை இக்காலக் கணினிக் கணக்கீடு உறுதிசெய்ததாக ஸ்ரைவர் எழுதுகிறார். தொல்ஸ்தோய்க்கும் வோகலுக்கும் இடையே வழிமரபு எதனையும் இக்கட்டுரை கற்பிக்கவில்லை. ஒரே தேவை இரு இடங்களில் ஒரே கருவியைத் தோற்றுவித்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

கைக்கணக்குக் காலமும் வோகல் முறையும்

1951இல் டான்ட்சிக், சிம்ப்ளெக்ஸ் முறையைப் போக்குவரத்துக் கணக்கிற்கு ஏற்ப எளிமைப்படுத்தினார். 1954இல் சார்ன்ஸ், கூப்பர் ஆகியோர் படிக்கல் முறையை விளக்கினர். இவ்விரு முறைகளும் ஏதேனும் ஒரு தொடக்கத் தீர்விலிருந்து புறப்பட்டு, பயன்படுத்தாத கட்டங்களை மதிப்பிட்டு, மூடிய பாதை ஒன்றின் வழியே அளவுகளை மாற்றி, படிப்படியாக உகந்த தீர்வை அடைவன. தொடக்கம் எதுவாயினும் முடிவு ஒன்றே. ஆனால் தாளில் பென்சிலால் கணக்கிடுவோருக்கு ஒவ்வொரு படியும் அட்டவணையைப் புதிதாக எழுதும் உழைப்பு. தொடக்கம் நன்றாக இருந்தால் அவ்வுழைப்பு பெரிதும் குறையும்.

1958இல் நைல்ஸ் ரைன்ஃபெல்ட், வில்லியம் வோகல் ஆகிய இருவரும் வெளியிட்ட ‘கணிதத் திட்டமிடல்’ என்னும் நூல் இத்தேவைக்கு விடையாக அமைந்தது. அதன் வழியே பரவிய முறை வோகலின் பெயரைத் தாங்கிற்று. அதன் படிகள் இவை: ஒவ்வொரு நிரையிலும் நிரலிலும் மிகக் குறைந்த செலவை அதற்கடுத்த குறைந்த செலவிலிருந்து கழித்துத் தண்டத்தைக் காண வேண்டும். எல்லாவற்றுள்ளும் மிகப் பெரிய தண்டமுள்ள நிரையையோ நிரலையோ தேர்ந்து, அதன் மலிவான கட்டத்திற்கு இயன்ற அளவு முழுவதையும் ஒதுக்க வேண்டும். இருப்போ தேவையோ தீர்ந்த வரியை நீக்கி, எஞ்சிய அட்டவணைக்குத் தண்டங்களை மீண்டும் கணிக்க வேண்டும்.

தொல்ஸ்தோயின் முறையோடு ஒப்பிட்டால் இதில் இரு மாற்றங்கள் தெரிகின்றன. சேரிடங்களின் பார்வையில் மட்டுமன்றி வழங்கிடங்களின் பார்வையிலும் வேறுபாடு கணிக்கப்படுகிறது. மேலும் ஒவ்வோர் ஒதுக்கீட்டிற்குப் பின்னும் தண்டங்கள் புதுப்பிக்கப்படுகின்றன. நிலப்பரப்பைப் பற்றிய அறிவு இல்லாத எழுத்தரும் இயந்திரகதியில் செய்யத்தக்க ஒழுங்கு இதனால் கிட்டியது. ஆயினும் இரு வழங்கிட நிலைக்குரிய நிறுவல் இப்பொது முறைக்கு நீளவில்லை. பெயரிலுள்ள ‘தோராயம்’ என்னும் சொல் இதனை நேர்மையாகவே உணர்த்துகிறது.

தண்டம் காணாத மூன்றாம் செலவு

இம்முறை தவறும் இடத்தைப் பின்வரும் கணக்கில் காணலாம்.

| | க | ச | த | இருப்பு |
|---|---|---|---|---|
| அ | 2 | 4 | 8 | 30 |
| ஆ | 3 | 10 | 5 | 40 |
| இ | 20 | 11 | 15 | 30 |
| தேவை | 30 | 40 | 30 | 100 |

நிரைத் தண்டங்கள் முறையே 2, 2, 4. நிரல் தண்டங்கள் 1, 6, 3. மிகப் பெரியது ச நிரலின் 6. ஆகவே அ–ச கட்டத்திற்கு 30 டன் செல்கிறது. அ நிரை நீங்குகிறது. இப்போது தண்டங்கள் பெரிதும் மாறுகின்றன. க நிரலில் 3, 20 மட்டுமே எஞ்சுவதால் தண்டம் 17 ஆகிறது. த நிரலில் 5, 15 எஞ்சுவதால் 10 ஆகிறது. 17க்குப் பணிந்து ஆ–க கட்டத்திற்கு 30 டன் ஒதுக்கப்படுகிறது. ஆ–வில் எஞ்சிய 10 டன் த–விற்குச் செல்ல, இ ஆலை ச–விற்கு 10 டன்னும் த–விற்கு 20 டன்னும் வழங்குகிறது. மொத்தச் செலவு 120 + 90 + 50 + 110 + 300 = 670.

நிரை எண், நிரல் எண் கொண்டு செய்யும் உகமச் சோதனையில் பயன்படுத்தாத அ–க கட்டத்தின் மதிப்பு −4 எனக் கிடைக்கிறது. எனவே தீர்வு உகந்ததன்று. அ–க, ஆ–க, ஆ–த, இ–த, இ–ச, அ–ச என்னும் மூடிய பாதையில் 20 டன்னை மாற்றினால் செலவு 80 குறைந்து 590 ஆகிறது. புதிய திட்டத்தில் எந்தக் கட்டத்தின் மதிப்பும் எதிர்மமாக இல்லை. எனவே 590 உகந்தது. இதே கணக்கிற்கு மீச்சிறு செலவு முறை 60 + 150 + 100 + 330 = 640 தருகிறது. அதாவது தரவரிசையில் கீழே வைக்கப்பட்ட முறை இங்கு வோகல் முறையை விஞ்சிவிடுகிறது.

காரணம் த நிரலில் உள்ளது. தொடக்கத்தில் அதன் தண்டம் 3 மட்டுமே. ஏனெனில் ஆ–விடம் 5க்குக் கிடைக்காவிடில் அ–விடம் 8க்குக் கிடைக்கும் என அது கருதிக்கொள்கிறது. முதற்படியிலேயே அ தீர்ந்துவிட, அந்த 8 வெறும் எண்ணாகி, 15 என்னும் மூன்றாம் செலவு வெளிப்படுகிறது. தண்டம் 10ஆக உயர்ந்தபோதும் 17 என்னும் க–வின் தண்டம் முந்திக்கொள்கிறது. க–வும் இதேபோல் அ–வை இழந்ததால் பெருத்ததே. மறுபுறம், ச–வை முந்தச் செய்த 6 என்னும் தண்டம், இ ஆலைக்கு ச–வைவிட நல்ல இடம் வேறில்லை என்பதை அறியவில்லை. உகந்த திட்டத்தில் இ–யின் 30 டன்னும் ச–விற்கே செல்கின்றன. சுருங்கச் சொன்னால், இரண்டாம் செலவு உண்மையில் கிட்டக்கூடியது என்னும் அனுமானத்தின்மீதே தண்டம் நிற்கிறது. ஓர் ஒதுக்கீட்டிற்குப் பின் ஒரு தண்டம் திடீரெனப் பன்மடங்காவது அவ்வனுமானம் முறிந்ததன் அடையாளம். கைக்கணக்கில் இதனைக் கண்ணால் காணலாம்.

ஒரே கணக்கு, இரு தொடக்கங்கள்

இதைவிட ஆழமான வரம்பு ஒன்று உண்டு. மேற்கண்ட கணக்கில் அ ஆலையிலிருந்து புறப்படும் ஒவ்வொரு டன்னுக்கும் 4 அலகு ஏற்றுகூலி கூடுதலாக விதிக்கப்பட்டதெனக் கொள்வோம். அ நிரை 6, 8, 12 என மாறும். அ–வின் 30 டன்னும் எங்கேனும் சென்றே தீர வேண்டுமாதலால் எத்திட்டமாயினும் செலவு சரியாக 120 கூடும். உகந்த திட்டம் மாறாது.

ஆனால் வோகல் முறையின் போக்கு மாறுகிறது. நிரைத் தண்டங்கள் முன்போலவே 2, 2, 4. நிரல் தண்டங்களோ 3, 2, 7 ஆகின்றன. இப்போது த நிரல் முந்துகிறது. ஆ–த கட்டத்திற்கு 30 டன். அடுத்து இ நிரையின் தண்டம் 9 ஆகி, இ–ச கட்டத்திற்கு 30 டன். அடுத்து ஆ நிரையின் தண்டம் 7. ஆ–க கட்டத்திற்கு 10 டன். எஞ்சிய அ–வின் இருப்பு க–விற்கு 20, ச–விற்கு 10 எனப் பிரிகிறது. இது முன்னர்க் கண்ட உகந்த திட்டமே; செலவு 590 + 120 = 710.

நிரை முழுவதற்கும் ஒரே எண்ணைக் கூட்டினால் அந்நிரையின் தண்டம் மாறாது. ஆனால் அது குறுக்கிடும் நிரல்களின் தண்டங்கள் மாறக்கூடும். நிரலுக்குக் கூட்டினாலும் இவ்வாறே. ஆகவே தண்டம் கணக்கின் இயல்பை மட்டுமன்றி, அது எழுதப்பட்ட வடிவத்தையும் அளக்கிறது. தொல்ஸ்தோயின் இரு வழங்கிட வரிசைக்கு இக்குறை இல்லை. அங்கு ஒரு நிரைக்கு எண்ணைக் கூட்டினால் எல்லா வேறுபாடுகளும் ஒரே அளவில் நகரும், வரிசை கலையாது.

போலிச் சேரிடமும் 1980களின் திருத்தங்களும்

இவ்வரம்பு நடைமுறையில் கூர்மையாக வெளிப்பட்டது சமநிலையற்ற கணக்குகளில்தான். மொத்த இருப்பு தேவையைவிட மிகுந்தால், மிகையை ஏற்கும் போலிச் சேரிடம் ஒன்றைச் சேர்த்து அதற்குச் சுழியச் செலவு இடுவது வழக்கம். அப்போது ஒவ்வொரு நிரையின் மிகக் குறைந்த செலவும் சுழியமாகிவிடுகிறது. நிரைத் தண்டம் இரு உண்மைச் செலவுகளின் வேறுபாடாக அன்றி, அந்நிரையின் மிகக் குறைந்த உண்மைச் செலவாகவே சுருங்குகிறது. பெரிய தண்டமுள்ள நிரையின் மலிவான கட்டம் போலிக் கட்டமே ஆதலால், எங்கும் செல்லாத சரக்கிற்கே முதல் ஒதுக்கீடு நிகழக்கூடும். நிரைத் தண்ட வரிசையும் நிரைகளின் மீச்சிறு செலவு வரிசையும் ஒன்றாகவே இருப்பின், இது நிகழ்ந்துள்ளது என அறியலாம்.

1981இல் ஷிம்ஷாக், காஸ்லிக், பார்க்லே ஆகியோர் போலிக் கட்டங்கள் தொடர்பான தண்டங்களைப் புறக்கணிக்கும் திருத்தத்தை முன்வைத்தனர். 1984இல் கோயல், போலிக் கட்டங்களுக்குச் சுழியத்திற்கு மாறாக அட்டவணையின் மிகப் பெரிய செலவை இடலாம் என்றார். 1988இல் ராமகிருஷ்ணன் இதனை மேலும் செம்மைப்படுத்தினார். கோயலின் திருத்தம் மேற்கண்ட கூற்றின் நேர்ப்பயனாகும். போலி நிரல் முழுவதற்கும் ஒரே எண்ணைக் கூட்டுவதால் உகந்த திட்டம் மாறுவதில்லை. நிரைத் தண்டங்கள் மட்டும் மீண்டும் உண்மைச் செலவுகளை ஒப்பிடத் தொடங்குகின்றன. எழுதும் வடிவம் தொடக்கத்தைக் கெடுக்கும் எனில், அதே வடிவத்தை மாற்றித் தொடக்கத்தைச் சீராக்கவும் இயலும்.

கணினிக் காலத்து மறுமதிப்பீடு

1970களில் பெரிய போக்குவரத்துக் கணக்குகளைக் கணினியில் தீர்க்கும் நிரல்கள் உருவாயின. 1974இல் குளோவர், கார்னி, கிளிங்மன், நேப்பியர் ஆகியோர் வெளியிட்ட ஒப்பாய்வு தொடக்க முறைகளை வேறொரு கோணத்தில் அளந்தது. தொடக்கச் செலவு உகந்த செலவிற்கு எவ்வளவு நெருங்கியது என்பதன்று அவர்கள் வினா. தொடக்கம் முதல் முடிவுவரை மொத்தம் எவ்வளவு கணினி நேரம் ஆயிற்று என்பதே. வோகல் முறை நல்ல தொடக்கத்தைத் தந்தது. ஆனால் ஒவ்வோர் ஒதுக்கீட்டிற்குப் பின்னும் தண்டங்களைப் புதுப்பிப்பதில் செலவான நேரம், பின்னர்க் குறைந்த படிகளால் மீளவில்லை. நிரை நிரையாகச் சென்று மலிவான கட்டத்தை நிரப்பும் எளிய விதியின் திருத்த வடிவமே மொத்த நேரத்தில் சிறந்தது.

1958இன் மதிப்பீடும் 1974இன் மதிப்பீடும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. தாளில் ஒரு படி என்பது மனித உழைப்பு. வேறுபாட்டைக் கணிப்பதோ எளிய கழித்தல். கணினியிலோ ஒரு படி மிக மலிவு. அட்டவணை முழுவதையும் திரும்பத் திரும்ப அலசுவதே பெருஞ்செலவு. மாறியது முறையன்று, உழைப்பின் விலை.

நிறைவுரை

வோகல் முறையின் மையச் சிந்தனை, ஒரு வாய்ப்பை இழப்பதால் கூடும் செலவைக் கொண்டு அவ்வாய்ப்பை மதிப்பிடுவது. இரு வழங்கிடங்கள் உள்ள நிலையில் இச்சிந்தனை பிழையற்ற தீர்வைத் தரும் என்பது 1930லேயே காணப்பட்டது. வழங்கிடங்கள் மூன்றானவுடன், இரண்டாம் செலவு கையிலிருக்கும் என்னும் அனுமானம் அதனுள் நுழைந்துவிடுகிறது. தண்டம் அட்டவணையின் வடிவத்தைச் சார்ந்தது என்பதும் அப்போது வெளிப்படுகிறது.

இம்முடிவு இன்றைய ஆய்வுக்கு நேரடியாகப் பொருந்துவது. வோகல் முறையைவிடச் சிறந்ததெனப் புதிய தொடக்க முறைகளை ஓரிரு சிறு அட்டவணைகளைக் கொண்டு முன்மொழியும் கட்டுரைகள் தொடர்ந்து வெளிவருகின்றன. ஒரு நிரைக்கு 4ஐக் கூட்டிய மாத்திரத்தில் 670 தந்த முறை உகந்த தீர்வைத் தந்ததை மேலே கண்டோம். ஆதலால் ஓர் அட்டவணையில் பெற்ற வெற்றி எம்முறைக்கும் சான்றாகாது. புதிய முறையொன்றை மதிப்பிடுவோர், நிரைகளுக்கும் நிரல்களுக்கும் மாறிலிகளைக் கூட்டிய வடிவங்களிலும் அது நிலைக்கிறதா எனச் சோதிப்பதும், தொடக்கச் செலவோடு உகந்த தீர்வுவரை ஆகும் மொத்த உழைப்பையும் அளப்பதும் வேண்டும். வகுப்பறையிலும், மூன்று முறைகளைத் தரவரிசையாக நிறுத்துவதற்கு மாறாக, ஒரே கணக்கை இரு வடிவங்களில் எழுதித் தண்டங்களை ஒப்பிடச் செய்தால், அக்கழித்தல் எதை அளக்கிறது என்பதை மாணவர் தாமே காண்பர்.